இன், ஆன், அட்: காலமும் இடமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கில முன்னிடைச்சொற்களில் 'ஆன்' என்றால் மேல், 'இன்' என்றால் உள்ளே, 'அட்' என்றால் 'இல்' என்று பள்ளியில் படித்தோம். அப்படியே எழுதினால் ஏன் தப்பாகிறது?

அந்தச் சூத்திரம் மேசைக்கும் பெட்டிக்கும் பொருந்தும். அவற்றைத் தாண்டினால் கைகொடுக்காது. சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறது, சுவரின் மேல் ஒரு பூனை உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தமிழ் இவ்விரண்டையும் வெவ்வேறு சொற்களால் சொல்கிறது. ஆங்கிலம் இரண்டுக்கும் 'ஆன் த வால்' என்றே சொல்கிறது. இன்னும் தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் அண்ணாந்து பாருங்கள். கூரையின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பல்லிக்கும் ஆங்கிலத்தில் 'ஆன் த சீலிங்' என்றுதான் பெயர். அந்தப் பல்லி எதற்கும் மேலே இல்லை, கூரைக்குக் கீழேதான் இருக்கிறது. ஆக, 'ஆன்' கவனிப்பது உயரத்தை அல்ல. ஒரு பொருள் இன்னொரு பொருளின் பரப்பைத் தொட்டுக்கொண்டு, அதனால் தாங்கப்பட்டு இருக்கிறதா என்பதை. பரப்புக்குப் பதிலாக ஒரு கோடு இருந்தாலும் அது ஒத்துக்கொள்ளும். காவிரிக் கரையில் இருக்கும் திருச்சியை 'ஆன் த காவேரி' என்று சொல்வது அதனால்தான். ஊர் ஆற்றின் மேல் மிதக்கவில்லை, ஆற்றின் கோட்டை ஒட்டி நிற்கிறது.

'இன்' என்பதும் அப்படியே. மழையில் நனைந்தான் என்பது 'இன் த ரெயின்', வெயிலில் நின்றான் என்பது 'இன் த சன்'. மழைக்கு உள்ளே நுழைய வாசல் கிடையாது. ஆனால் மழை அவனைச் சூழ்ந்திருக்கிறது. சூழ்ந்திருப்பது ஒன்று, சூழப்பட்டிருப்பது ஒன்று என்ற இந்த உறவே 'இன்' என்பதன் அடிப்படை. 'அட்' சூழலையும் பார்ப்பதில்லை, பரப்பையும் பார்ப்பதில்லை. எவ்வளவு பெரிய இடமாக இருந்தாலும் அதை வரைபடத்தில் ஒரு புள்ளியாகச் சுருக்கி, 'அந்தப் புள்ளியில்' என்று மட்டும் சொல்கிறது.

காலத்துக்கு எதைப் போடுவது? எளிதாக நினைவில் வைக்க வழி உண்டா?

உண்டு, அந்த வழி நம் காதிலேயே இருக்கிறது. காலத்தைச் சொல்லும்போது தமிழ் மூன்று வேறு வடிவங்களைப் பயன்படுத்துகிறது. ஆறு மணிக்கு வந்தான் என்கிறோம். திங்கட்கிழமையன்று வந்தான் என்கிறோம். காலையில் வந்தான், மார்ச் மாதத்தில் வந்தான், 1947-இல் நடந்தது என்கிறோம். ஆறு மணியில் வந்தான் என்று தமிழர் யாரும் சொல்வதில்லை. இந்த மூன்று வடிவங்களும் ஆங்கிலத்தின் மூன்று சொற்களோடு பெரும்பாலும் ஒத்துப்போகின்றன: 'க்கு' வரும் இடத்தில் 'அட்', 'அன்று' வரும் அல்லது வரக்கூடிய இடத்தில் 'ஆன்', 'இல்' வரும் இடத்தில் 'இன்'. பேச்சில் 'அன்று' பெரும்பாலும் விழுந்துவிடும். 'திங்கட்கிழமை வந்தான்' என்றாலே போதும். அப்படிப்பட்ட இடத்தில் மனத்துக்குள் 'அன்று' சேர்த்துப் பாருங்கள், பொருந்தினால் 'ஆன்'.

பண்டிகைகளிலும் இந்த ஒப்புமை வேலை செய்வதைப் பார்க்கலாம். பொங்கலன்று மழை பெய்தது என்றால் அந்த ஒரு நாளைச் சொல்கிறோம்; ஆங்கிலத்தில் 'ஆன் பொங்கல் டே'. பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தோம் என்றால் அந்த நான்கைந்து நாள்களையும் ஒரே காலப்புள்ளியாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் 'அட் பொங்கல்'. ஆங்கிலேயர் 'ஆன் கிறிஸ்துமஸ் டே' என்பதற்கும் 'அட் கிறிஸ்துமஸ்' என்பதற்கும் இடையில் காட்டும் வேறுபாடு இதேதான்.

ஓர் எச்சரிக்கை வேண்டும். 'பொங்கலுக்குப் புடவை எடுத்தோம்' என்ற வாக்கியத்திலும் 'க்கு' இருக்கிறது. ஆனால் அது 'எப்போது' என்ற கேள்விக்கு விடை அல்ல, 'எதற்காக' என்ற கேள்விக்கு விடை. அங்கே 'ஃபார்' வர வேண்டும். அதுபோல, 'அந்த நாளில்' என்று நாம் எழுதினால் 'இல்' இருப்பதை நம்பி 'இன்' போட்டுவிடக் கூடாது. 'அன்று' சேர்க்கும் சோதனையைச் செய்தால் 'அன்றைய தினம்' என்ற பொருள் வெளிப்படும். எனவே 'ஆன் தட் டே'. அதே சொல் பன்மையாகி 'அந்த நாள்களில்' என்று வந்தால் குறிப்பிட்ட நாள் மறைந்து ஒரு காலகட்டம் தோன்றிவிடுகிறது. எனவே 'இன் தோஸ் டேஸ்'. ஒரு 'கள்' விகுதி முன்னிடைச்சொல்லையே மாற்றிவிடுவதை வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்டும்போதெல்லாம் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவதைக் கண்டிருக்கிறேன்.

'இன் த மார்னிங்' சரி என்றால் 'இன் மண்டே மார்னிங்' ஏன் தவறு?

நாளின் பெயர் வந்துவிட்டால் நாள்தான் ஆளும். தமிழில் 'திங்கட்கிழமை காலையில்' என்னும்போது உருபு கடைசிச் சொல்லோடு ஒட்டுவதால், நமக்குக் காலைதான் வாக்கியத்தை முடித்துவைக்கிறது. அதனால் 'இன்' என்று கை தானாக எழுதிவிடுகிறது. ஆங்கிலத்தில் முன்னிடைச்சொல் முதலில் வருகிறது, அதற்கு அடுத்து நிற்பது 'மண்டே'. எனவே 'ஆன் மண்டே மார்னிங்' என்பதே சரி. நாளின் பெயர் வெளிப்படையாக இல்லாவிட்டாலும், சொல்வது ஒரு குறிப்பிட்ட நாளின் காலை அல்லது மாலை என்றால் இதே கதைதான்: ஒரு மழைநாள் மாலையில் என்பது 'ஆன் எ ரெய்னி ஈவ்னிங்'. நாள் எதுவும் இல்லாமல் பொழுதை மட்டும் சொன்னால் 'இன்' திரும்பி வந்துவிடும்.

இரவுக்கு மட்டும் ஏன் 'அட் நைட்'? 'இன் த நைட்' என்று எழுதினால் பிழையா?

பிழை இல்லை, பொருள் வேறு. ராத்திரியில் நாய் குரைக்கும் என்பது எல்லா இரவுகளையும் பற்றிய பேச்சு. இங்கே 'அட் நைட்'. ராத்திரியில் இரண்டு தடவை விழித்துக்கொண்டேன் என்பது ஓர் இரவின் நீளத்துக்குள் நடந்த நிகழ்ச்சி. இங்கே 'இன் த நைட்'. காலை, பிற்பகல், மாலை மூன்றுக்கும் 'இன்' வரும்போது இரவு மட்டும் 'அட்' பக்கம் போய்விட்டது. இதற்கு விதி தேடிக் களைப்பதைவிட, நண்பகல், நள்ளிரவு, விடியல் ஆகியவற்றுக்கும் 'அட்' தான் என்பதோடு சேர்த்து மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. வார இறுதிக்கு பிரிட்டனில் 'அட் த வீக்கெண்ட்' என்பார்கள், அமெரிக்காவில் 'ஆன் த வீக்கெண்ட்' என்பார்கள். நல்ல அகராதியில் இப்படிப்பட்ட இடங்களில் எந்த நாட்டு வழக்கு என்ற குறிப்பு இருக்கும்.

அடுத்த வாரம், போன மாதம் என்பவற்றுக்கு எதைப் போடுவது?

எதையும் போட வேண்டாம். 'நெக்ஸ்ட் வீக்', 'லாஸ்ட் மண்டே', 'திஸ் மார்னிங்', 'எவ்ரி சண்டே' போன்றவை முன்னிடைச்சொல் இல்லாமலேயே நிற்கும். தமிழிலும் 'அடுத்த வாரம் வருகிறேன்' என்று உருபு இல்லாமல்தானே சொல்கிறோம்.

'ஐ வில் கம் இன் டென் மினிட்ஸ்' என்றால் பத்து நிமிடத்துக்குள்ளா, பத்து நிமிடம் கழித்தா?

பத்து நிமிடம் கழித்து. இந்த ஒரு சொற்றொடரில் அகராதிக்காரர்கள் இரண்டு பொருள்களைத் தனித்தனி எண்ணிட்டுப் பிரிப்பது வழக்கம். பிரிக்காவிட்டால் படிப்பவர் குழம்புவார். முதலாவது, இப்போதிலிருந்து இவ்வளவு காலம் கழிந்ததும் என்பது: 'பத்து நிமிடத்தில் வருவேன்'. இரண்டாவது, ஒரு வேலைக்குப் பிடித்த காலம் என்பது: 'பத்து நிமிடத்தில் கடிதத்தை எழுதி முடித்தாள்'. தமிழிலும் ஒரே 'இல்' இரண்டையும் தாங்குகிறது என்பதால் நமக்கு வேறுபாடு கண்ணில் படுவதில்லை. வினையைப் பாருங்கள். வருதல், தொடங்குதல், புறப்படுதல் போல ஒரு கணத்தில் நிகழ்ந்துவிடுவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் பொருள். எழுதி முடித்தல், கட்டி முடித்தல் போல நேரம் எடுத்து நிறைவடைவதாக இருந்தால் இரண்டாம் பொருள். 'அதற்குள்ளாகவே' என்று அழுத்தமாகச் சொல்ல வேண்டுமென்றால் ஆங்கிலத்தில் 'விதின்' என்ற சொல்லையே பயன்படுத்த வேண்டும்.

இதோடு சேர்த்துக் கேட்கப்படுவது 'ஆன் டைம்', 'இன் டைம்' இரண்டும். ரயில் 7.40-க்கு வர வேண்டும், 7.40-க்கே வந்தது, அது 'ஆன் டைம்'. நீங்கள் 7.35-க்கு நிலையத்துக்குள் ஓடி வந்து ரயிலைப் பிடித்துவிட்டீர்கள். அது 'இன் டைம்'. முன்னது குறித்த நேரத்தோடு ஒட்டி நிற்பது, பின்னது காலம் கடந்துவிடுவதற்கு முன் உள்ளே வந்துவிடுவது. பரப்பை ஒட்டி நிற்கும் 'ஆன்', எல்லைக்குள் இருக்கும் 'இன்' என்ற அதே வேறுபாடு இடத்திலிருந்து காலத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

பேருந்து நிறுத்தத்தில், பேருந்தில், காரில் என்று தமிழில் எல்லாமே 'இல்' தான். ஆங்கிலத்தில் எப்படிப் பிரிப்பது?

காலத்தில் நமக்குத் துணைவந்த தமிழ், இடத்தில் வராது. உண்மையான சிரமம் இங்கேதான் தொடங்குகிறது. நிறுத்தம் என்பது பயணத்தின் வழியில் ஒரு புள்ளி. அங்கே ஒரு கூரையும் பெஞ்சும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. எனவே 'அட் த பஸ் ஸ்டாப்'. கார் நம்மைச் சுற்றி மூடிக்கொள்ளும் சிறு கூடு. குனிந்து நுழைந்து உட்கார்ந்தால் எழுந்து நடமாட முடியாது. எனவே 'இன் த கார்', 'இன் எ டாக்சி'. பேருந்து, ரயில், விமானம், கப்பல் ஆகியவற்றில் ஏறி, தளத்தில் நின்று நடக்கலாம். எனவே 'ஆன் த பஸ்', 'ஆன் த டிரெயின்'. சைக்கிளுக்கும் குதிரைக்கும் 'ஆன்' வருவதற்கு விளக்கம் தேவையில்லை.

இந்த விளக்கத்துக்கும் எல்லை உண்டு. பேருந்தில் பயணம் செய்வதைச் சொல்லாமல் அதன் உட்புறத்தையே சொல்ல நினைத்தால், எடுத்துக்காட்டாக 'பேருந்துக்குள் ஒரே புழுக்கம்' என்று சொல்ல நினைத்தால், 'இன் த பஸ்' என்பதும் இயல்பானதே. முன்னிடைச்சொல்லைத் தீர்மானிப்பது பொருளின் வடிவம் மட்டும் அல்ல. பேசுபவர் அந்த நேரத்தில் அதை எப்படிப் பார்க்கிறார் என்பதும்தான்.

இதற்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு மூலை. அறையின் மூலையில் நாற்காலி இருக்கிறது என்றால் இரண்டு சுவர்கள் அதை அணைத்து நிற்கின்றன. 'இன் த கார்னர்'. தெருமுனையில் தேநீர்க்கடை இருக்கிறது என்றால் அந்த முனையை வெளியிலிருந்து பார்க்கிறோம். அது சுற்றி அணைப்பதில்லை, வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே 'அட் த கார்னர்' அல்லது 'ஆன் த கார்னர்'. ஒரே ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் மூலை என்றும் முனை என்றும் இரண்டு பெயர்கள் வைத்திருக்கிறது. ஆங்கிலம் அந்த வேறுபாட்டைப் பெயரில் காட்டாமல் முன்னிடைச்சொல்லில் காட்டுகிறது. மரத்தையும் இப்படிப் பார்க்கலாம். மாங்காய் கிளையில் ஒட்டித் தொங்குகிறது, 'ஆன் த ட்ரீ'. குயில் இலைகளுக்கு நடுவே மறைந்திருக்கிறது, 'இன் த ட்ரீ'.

ஊர்ப் பெயருக்கு எப்போதும் 'இன்' தானே?

பெரும்பாலும் அப்படித்தான், ஆனால் விழுப்புரம் வழியாகப் போகும் ரயிலில் உட்கார்ந்திருப்பவருக்கு அல்ல. 'நாங்கள் விழுப்புரத்தில் இருக்கிறோம்' என்று அங்கே குடியிருப்பவர் சொன்னால் 'இன்'. 'இந்த ரயில் விழுப்புரத்தில் நிற்கும்' என்றால் அந்த ஊர், தெருக்களும் சந்தையும் கொண்ட ஊராக அல்லாமல் தண்டவாளத்தில் ஒரு புள்ளியாகிவிடுகிறது. அப்போது 'ஸ்டாப்ஸ் அட் விழுப்புரம்'. வந்துசேர்தலைச் சொல்லும் 'அரைவ்' என்ற வினைக்கும் இதே பார்வைதான்: நகரத்துக்கு 'இன்', நிலையத்துக்கும் கட்டடத்துக்கும் 'அட்'. 'சென்னைக்கு வந்தேன்' என்ற 'க்கு' மனத்தில் இருப்பதால் நம்மில் பலர் 'அரைவ் டு' என்று எழுதிவிடுகிறார்கள். அது எந்த இடத்திலும் சரியாகாது.

முகவரி எழுதும்போது மூன்றும் ஒரே வரியில் வந்துவிடும். கதவு எண்ணோடு சொன்னால் 'அட்', மாடியைச் சொன்னால் 'ஆன்', அறையையும் ஊரையும் சொன்னால் 'இன்'. தெருப் பெயருக்கு பிரிட்டனில் 'இன்' மிகுதி, அமெரிக்காவில் 'ஆன்'.

அகராதியில் 'அட்' என்று தேடினால் பத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் வரிசையாக வருகின்றன. அவற்றை எந்த அடிப்படையில் பிரிக்கிறார்கள்?

முதல் பிரிப்பு சொல்வகையில் நடக்கிறது. 'கம் இன்', 'த லைட் இஸ் ஆன்' என்பவற்றில் 'இன்', 'ஆன்' ஆகியவற்றுக்குப் பின் பெயர்ச்சொல் எதுவும் இல்லை. அவை வினையடையாக அல்லது பெயரடையாக வருகின்றன. இவற்றை முன்னிடைச்சொல்லோடு கலக்காமல் தனிப் பகுதியாக வைப்பார்கள். 'அட்' என்ற சொல்லுக்கு இந்தச் சிக்கல் இல்லை; அது முன்னிடைச்சொல்லாகவே இருக்கிறது. எனவே பிரிக்கும் முறையைப் பார்க்க அது நல்ல எடுத்துக்காட்டு.

அடுத்து, பின்னால் வரும் பெயர்ச்சொல் எந்த வகையைச் சேர்ந்தது என்று பார்க்கிறார்கள். இடமானால் ஒரு பொருள்: நிறுத்தத்தில். நேரமானால் அடுத்தது: ஆறு மணிக்கு. வயது, வேகம், விலை, வெப்பநிலை போல எண்ணால் அளக்கப்படும் ஒன்றானால் இன்னொன்று: பன்னிரண்டு வயதில், 60 கிலோமீட்டர் வேகத்தில், நூறு டிகிரியில் கொதிக்கும். பார்வையோ கல்லோ போய்ச் சேரும் இலக்கானால் வேறொன்று: நாயின் மீது கல்லெறிந்தான். செயலோ நிலையோ ஆனால் மற்றொன்று: போர் நடத்திக்கொண்டிருக்கும் நாடு 'அட் வார்'. திறமையைச் சொல்லும் பெயரடைக்குப் பின்னால் வந்தால் இன்னும் ஒன்று: கணக்கில் கெட்டிக்காரி 'குட் அட் மேத்ஸ்'.

இந்தப் பட்டியலை எண்களின் வரிசையாகப் பார்த்தால் தலைசுற்றும். ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளை முளைத்ததாகப் பார்த்தால் பிடிபட்டுவிடும். வரைபடத்தில் புள்ளி, கடிகார முகத்தில் புள்ளி, அளவுகோலில் புள்ளி, குறிபார்க்கும் புள்ளி. இலக்கு என்ற இந்தக் கிளையில்தான் மாணவர்கள் பெரும்பாலும் கவனிக்காத ஒரு நுட்பம் இருக்கிறது. பந்தை என்னிடம் எறிந்தான் என்பது 'த்ரோ டு மீ'. நான் பிடிப்பதற்காக எறிந்தான். 'த்ரோ அட் மீ' என்றால் என்மேல் படும்படி எறிந்தான். எதிரிலிருப்பவர் பெற்றுக்கொள்பவரா, தாக்கப்படும் குறியா என்பதை இரண்டெழுத்துச் சொல் தீர்மானித்துவிடுகிறது. 'ஷவுட் டு', 'ஷவுட் அட்' ஆகியவற்றுக்கும் இதே வேறுபாடுதான்: தூரத்தில் இருப்பவருக்குக் கேட்கக் கத்துவது ஒன்று, கோபத்தில் ஒருவரைப் பார்த்துக் கத்துவது மற்றொன்று.

இத்தகைய பகுப்பு நமக்குப் புதிதல்ல. ஏழாம் வேற்றுமையைச் சொல்லும் தொல்காப்பியம், அது தோன்றும் களங்களாக வினை செய்யும் இடம், நிலம், காலம் என மூன்றைச் சொல்லிவிட்டு, அடுத்த நூற்பாவில் அகம், புறம், உள், கீழ், மேல், முன், பின், இடை, கடை, தலை என அதன் இடப்பொருள்களை ஒவ்வொன்றாக அடுக்குகிறது. உருபின் பொருளை அது சேரும் சொல்லைக் கொண்டு வகுப்பது என்ற வேலையைத்தான் ஆங்கில அகராதியாளரும் செய்கிறார்.

இது ஒரே பொருள், இது இரண்டு பொருள் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

இரண்டு சோதனைகளை நீங்களே செய்து பார்க்கலாம். ஒன்று, மாற்றுச் சொல் வைத்துப் பார்ப்பது. பெட்டிக்கு முன் வரும் 'இன்' இருக்கும் இடத்தில் 'இன்சைட்' வைக்கலாம். காலைக்கு முன் வருவதற்கு 'டியூரிங்' வைக்கலாம். வெள்ளைச் சட்டைக்கு முன் வருவதற்கு 'வேரிங்', அதாவது அணிந்து, என்று வைக்கலாம். ஓரிடத்துக்குப் பொருந்தும் மாற்றுச் சொல் மற்ற இடத்துக்குப் பொருந்தாததால் இவை வெவ்வேறு பொருள்கள். மற்றொன்று, இரண்டையும் ஒரே முன்னிடைச்சொல்லின் கீழ் கட்டிப் பார்ப்பது. சாவி இழுப்பறையிலோ பெட்டியிலோ இருக்கிறது என்று கட்டினால் வாக்கியம் இடறாது. 'வெள்ளைச் சட்டையிலும் அவசரத்திலும் வந்தான்' என்று கட்டினால் தமிழில் போலவே ஆங்கிலத்திலும் காது சுளிக்கும். சுளித்தால் இரண்டு பொருள்.

ஆனால் சோதனைகள் எல்லாவற்றையும் தீர்ப்பதில்லை. மழையில் நிற்பதும் பெட்டியில் இருப்பதும் ஒன்றா இரண்டா? ஓர் அகராதி ஒன்றாக வைக்கும், மற்றொன்று பிரிக்கும். சாமுவேல் ஜான்சன் 1755-இல் தம் ஆங்கில அகராதியை வெளியிட்டபோதே, இத்தகைய சிறுசொற்கள் எந்த மொழியிலும் ஒழுங்கான திட்டத்துக்குள் எளிதில் அடங்குவதில்லை என்று முன்னுரையில் எழுதினார். எனவே இரண்டு அகராதிகளில் பொருள்களின் எண்ணிக்கை வேறுபட்டால் ஏதோ ஒன்று தவறு என்று எண்ண வேண்டாம்.

ஓர் அகராதியில் முதல் பொருளாக இருப்பது இன்னொன்றில் பின்னால் போய்விடுகிறதே, ஏன்?

வரிசைப்படுத்தும் கொள்கை வேறு என்பதால். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் முதல் பகுதி 1884-இல் ஜேம்ஸ் மர்ரியின் தலைமையில் வெளிவந்தது. பணி 1928-இல் முடிந்தது. அது சொல்லின் வரலாற்றைச் சொல்லும் அகராதி. எந்தப் பொருள் முந்தித் தோன்றியது, எது அதிலிருந்து பிரிந்தது என்ற முறையில் அடுக்குகிறது. பழைய ஆங்கிலத்தில் இன்றைய 'இன்' செய்யும் வேலையில் பெரும்பகுதியை 'ஆன்' செய்துகொண்டிருந்தது. 'உயிரோடு' என்று பொருள்படும் 'அலைவ்', 'உறக்கத்தில்' என்று பொருள்படும் 'அஸ்லீப்' ஆகிய சொற்களின் தொடக்கத்தில் இருக்கும் அகரம் அந்தப் பழைய 'ஆன்' தேய்ந்து நின்ற மிச்சம். இந்த வரலாறு மிகச் சுவையானது. ஆனால் நாளைக்கு ஒரு விண்ணப்பம் எழுத வேண்டியவருக்கு அது வழிகாட்டாது.

1987-இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் உருவான கோபில்ட் அகராதி வேறு வழியில் போனது. கணினியில் திரட்டிய மொழித்தரவில் மக்கள் உண்மையில் எழுதிய வாக்கியங்களைப் பார்த்து, எந்தப் பயன்பாடு எவ்வளவு வருகிறது என்பதற்கு முக்கியத்துவம் கொடுத்தது. பொருளையும் முழு வாக்கியமாகவே விளக்கியது. 1998-இல் வந்த புதிய ஆக்ஸ்ஃபோர்டு அகராதி, மையப் பொருள் ஒன்றை முதலில் வைத்து, அதிலிருந்து கிளைக்கும் பொருள்களை அதன் கீழேயே அடுக்கியது. கற்பவருக்கு இடம், காலம், பிற என்று போகும் பதிவே எளிது என்பது என் கருத்து. முன்னால் சொன்ன கிளைகளை அது கண்முன் காட்டிவிடுகிறது.

செய்தித்தாளில் படித்தேன், தொலைக்காட்சியில் பார்த்தேன். இதில் எதற்கு எது? அகராதியில் தேடினால் கண்டுபிடிக்க முடியவில்லை.

தேடும் இடத்தை மாற்றிப் பாருங்கள். 'ஆன்' பதிவைத் திறந்து எல்லா எண்களையும் படிப்பதற்குப் பதிலாக, பெயர்ச்சொல்லின் பதிவைத் திறக்க வேண்டும். கற்பவருக்கான அகராதியில் 'நியூஸ்பேப்பர்' என்ற தலைச்சொல்லின் கீழுள்ள எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் பாருங்கள், 'இன்' இருக்கும். 'டெலிவிஷன்' என்ற தலைச்சொல்லின் கீழ் 'ஆன்' இருக்கும். சில அகராதிகள் இத்தகைய இணைகளைத் தடித்த எழுத்தில் தனியே காட்டும். இப்படிக் கிடைத்த விடையோடு 'ஆன்' பதிவுக்குத் திரும்பினால், வானொலி, தொலைபேசி, இணையம், தொலைக்காட்சி ஆகியவை 'எதன் வழியாக' என்ற ஒரே எண்ணின் கீழ் கூடியிருப்பதைக் காணலாம். அச்சிட்ட நூலும் இதழும் 'இன்' பக்கம் நின்றுவிட்டன. செய்தி உள்ள பக்கத்தைச் சொன்னால் அது பரப்பாகிவிடும்: 'இன் த நியூஸ்பேப்பர், ஆன் பேஜ் த்ரீ'.

மூலைக்கும் இதே வழிதான். 'கார்னர்' என்ற பதிவில் அறைக்கு ஓர் எண்ணும் தெருமுனைக்கு வேறோர் எண்ணும் இருக்கும்; ஒவ்வொன்றின் எடுத்துக்காட்டிலும் உரிய முன்னிடைச்சொல் தயாராக நிற்கும்.

'இன் த எண்ட்', 'அட் த எண்ட்' இரண்டுக்கும் 'கடைசியில்' என்றே போட்டிருக்கிறது. ஒன்றுதானா?

இல்லை, இருமொழி அகராதியின் ஒற்றைச் சொல் விடை இங்கே ஏமாற்றிவிடுகிறது. படத்தின் கடைசியில் இருவரும் சேர்ந்துவிடுகிறார்கள் என்றால் படம் முடியும் புள்ளியைச் சொல்கிறோம். 'அட் த எண்ட் ஆஃப் த ஃபிலிம்'. ஒரு மணி நேரம் சாவியைத் தேடினோம், கடைசியில் பூட்டை உடைத்தோம் என்றால் பல முயற்சிகளுக்குப் பின் விளைந்த முடிவைச் சொல்கிறோம். 'இன் த எண்ட்'. தமிழ் வாக்கியத்தில் 'கடைசியில்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'முடிவாக' அல்லது 'ஒருவழியாக' என்று வைத்துப் பாருங்கள். பொருந்தினால் 'இன்'. பொருந்தாமல், 'எதன் கடைசியில்?' என்ற கேள்வி எழுந்தால் 'அட்'. அந்தக் கேள்விக்கான விடையை 'ஆஃப்' போட்டுப் பின்னால் எழுதிவிடலாம்.